பால் பாக்கெட்டில் இருக்கும் தேதி என்ன சொல்கிறது? வேலூரில் அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு

வேலூருக்குப் புதிதாக வந்து அறை எடுப்பவர்களில் இரண்டு கூட்டம் பெரிது. காட்பாடிப் பக்கம் கல்லூரிக்காக வருபவர்கள் ஒன்று. சிஎம்சியில் வைத்தியத்துக்காக வந்து, காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் லாட்ஜில் வாரக்கணக்கில் தங்குபவர்கள் இன்னொன்று. இவர்களில் பலருக்கு அறையில் ஃபிரிட்ஜ் இருக்காது. இருந்தாலும் நான்கு பேர் பங்கு போடும் சின்ன ஃபிரிட்ஜாக இருக்கும். ஊரில் அம்மாவோ பாட்டியோ பார்த்துக்கொண்ட வேலை, அதாவது எது நல்லா இருக்கு, எது கெட்டுப்போச்சு என்று சொல்லும் வேலை, இங்கே பாக்கெட்டில் அச்சடித்த தேதியிடம் போய்விடுகிறது.

அந்தத் தேதியை எப்படிப் படிப்பது என்பதற்குப் பாலையே எடுத்துக்கொள்கிறேன். பாக்கெட் பால், அட்டைப்பெட்டிப் பால், பால் பவுடர், தயிர், பன்னீர் எல்லாம் ஒரே பாலிலிருந்து வருபவை. ஆனால் ஒவ்வொன்றிலும் உள்ள தேதி வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறது. இது புரிந்தால் கடையில் உள்ள மற்ற பாக்கெட்டுகளும் தானே புரிந்துவிடும்.

முதல் படி: வார்த்தையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்

வீடியோக்களில் ஒரு அறிவுரை சுற்றிக்கொண்டே இருக்கிறது: ‘யூஸ் பை என்றால் ஆபத்து, தூக்கிப் போடு, பெஸ்ட் பிஃபோர் என்றால் ருசிதான் குறையும், சாப்பிடலாம்.’ ஐரோப்பாவில் இது சரி. அங்கே சட்டமே பொருட்களை அப்படித்தான் பிரிக்கிறது. சீக்கிரம் கிருமி பெருகும் பொருளுக்கு மட்டும் யூஸ் பை, மற்றவற்றுக்கு பெஸ்ட் பிஃபோர்.

நம் நாட்டில் அப்படி இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2020-ல் கொண்டுவந்த லேபிள் விதிகளின்படி, தயாரித்த அல்லது பேக் செய்த தேதியும், எக்ஸ்பயரி அல்லது யூஸ் பை தேதியும் பாக்கெட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். பெஸ்ட் பிஃபோர் என்பது உற்பத்தியாளர் விரும்பினால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் தகவல்தான். சர்க்கரை, வினிகர் மாதிரி சில பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இதன் விளைவைப் பாருங்கள். ரஸ்க் பாக்கெட்டிலும் யூஸ் பை இருக்கிறது, பால் பாக்கெட்டிலும் யூஸ் பை இருக்கிறது. ரஸ்க் தேதி தாண்டினால் நமத்துப்போகும், எண்ணெய்ச் சிக்கு வாடை வரும். பால் தேதி தாண்டினால் கதையே வேறு. அச்சடித்த வார்த்தை இரண்டையும் பிரித்துக் காட்டாது, நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

விதிகள் சொல்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். யூஸ் பை தேதிக்குப் பிறகு, வழக்கமாக எதிர்பார்க்கும் தரமும் பாதுகாப்பும் அந்தப் பொருளில் அநேகமாக இருக்காது. அதை விற்கக் கூடாது. பெஸ்ட் பிஃபோர் தேதி தாண்டினால் தரம் குறைந்திருக்கலாம், ஆனாலும் பொருள் சாப்பிடப் பாதுகாப்பாகவே இருக்கலாம். இரண்டு விளக்கத்திலும் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு: ‘குறிப்பிட்ட சேமிப்பு நிலையில் வைத்திருந்தால்’. இந்த ஊர் வெயிலுக்கு அந்த நிபந்தனைதான் முக்கியம்.

இரண்டாம் படி: தேதிக்குப் பக்கத்தில் உள்ள வரியைத் தேடுங்கள்

பாக்கெட்டைத் திருப்பி, சேமிப்பு பற்றிய வரி எங்கே என்று பாருங்கள். பால் பாக்கெட்டில் 5 டிகிரிக்குக் கீழ் அல்லது 8 டிகிரிக்குக் கீழ் வைக்கவும் என்று இருக்கும். பால் பவுடரில் ‘ஈரமில்லாத, குளிர்ந்த இடத்தில்’ என்று இருக்கும். தேதியையும் இந்த வரியையும் சேர்த்து ஒரே வாக்கியமாகப் படிக்க வேண்டும். ‘நாளை வரை நல்லது’ என்று படிக்கக் கூடாது. ‘5 டிகிரிக்குக் கீழே, பிரிக்காமல் வைத்திருந்தால் நாளை வரை நல்லது’ என்று படிக்க வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்தப் பாக்கெட் குளிர்ச்சி கேட்கிறதா, இல்லையா? கேட்கிறது என்றால் அதன் தேதி கிருமியைப் பற்றியது. அதைத் தாண்ட வேண்டாம், அதற்கு முன்னாலும் கண்மூடித்தனமாக நம்ப வேண்டாம். கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் அந்தத் தேதி ருசி, மணம், மொறுமொறுப்பு பற்றியது. விதிவிலக்கு ஒன்றைப் பின்னால் சொல்கிறேன்.

தேதியைப் படிப்பதில் ஒரு சின்ன தடுமாற்றம் வரும். நாள், மாதம், வருடம் என்ற வரிசையில்தான் போடுவார்கள். 05/06 என்றால் ஜூன் 5, மே 6 இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும் பொருட்களில் நாள் இல்லாமல் மாதமும் வருடமும் மட்டும் இருக்கலாம். சில பாக்கெட்டுகளில் ‘பேக் செய்த நாளிலிருந்து இத்தனை நாட்களுக்குள்’ என்று மட்டும் போட்டு, பேக் செய்த தேதியை வேறு மூலையில் ஒளித்து வைத்திருப்பார்கள். பேட்ச் எண்ணைத் தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் படி: மே மாதத்து பால் பாக்கெட் ஒன்றைப் பின்தொடர்ந்து பார்ப்போம்

வேலூரில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கத்திரி வெயில் நாட்களில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறைக்குள் பகல் முழுக்க 35 டிகிரிக்கு மேலேயே இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரை லிட்டர் பாக்கெட் பால். யூஸ் பை தேதி நாளை. விடிவதற்கு முன் வண்டியில் வந்து கடை வாசலில் பிளாஸ்டிக் டிரேயில் இறங்குகிறது. கடைக்காரர் கொஞ்சத்தை ஃபிரிட்ஜில் வைக்கிறார். மீதி டிரேயிலேயே இருக்கிறது, எப்படியும் காலையில் விற்றுவிடும் என்று. எட்டு மணிக்கு நீங்கள் வாங்குகிறீர்கள். அறைக்குப் போய் மேசையில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கோ வகுப்புக்கோ ஓடுகிறீர்கள். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்து காய்ச்சுகிறீர்கள். திரியவில்லை. வாடையும் இல்லை. தேதி நாளைதான். குடிக்கலாமா?

பாக்கெட் பாலைப் பதப்படுத்தும்போது 72 டிகிரியில் 15 வினாடி சூடாக்குகிறார்கள். நோய் தரும் முக்கியமான கிருமிகள் அதில் செத்துவிடும். ஆனால் பால் அடியோடு கிருமியற்றதாகிவிடாது. சூடு தாங்கும் சில பாக்டீரியாக்களும், பாசில்லஸ் வகைக் கிருமிகளின் விதை போன்ற உறங்கும் வடிவமும் தப்பிக்கும். 4 டிகிரியில் இவை பெருக வெகு நேரம் ஆகும். அதை நம்பித்தான் அந்தத் தேதி போடப்பட்டது. 35 டிகிரியில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் கிருமி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரத்தில் எட்டு முறை இரட்டிப்பு, அதாவது 256 மடங்கு. எல்லாக் கிருமியும் இந்த வேகத்தில் போகாது. சில இதைவிட வேகமாகவும் போகும்.

ஆக, பாக்கெட்டில் உள்ள ‘நாளை’ இந்தப் பாலுக்குப் பொருந்தாது. நிபந்தனை காலையிலேயே உடைந்துவிட்டது. வெளி வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போனால், குளிர்ச்சி கேட்கும் உணவை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்குக் கீழே என்றால் இரண்டு மணி நேரம். நான்கு மணி நேரம் கிடந்த இந்தப் பாலை நான் கொட்டிவிடச் சொல்வேன். உடம்பு நன்றாக உள்ள ஒருவர் காய்ச்சிக் குடித்து ஒன்றும் ஆகாமலும் போகலாம், மறுக்கவில்லை. பாக்கெட் பால் பெரும்பாலும் ஆபத்தாக மாறுவதற்கு முன்பே திரிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ‘பெரும்பாலும்’ என்பதை நம்பி ஒரு நோயாளிக்குக் கொடுக்க முடியாது.

“அதான் காய்ச்சிட்டோமே” என்பார்கள். காய்ச்சினால் உயிரோடிருக்கும் கிருமிகள் சாகும், சரி. இரண்டு விஷயங்கள் சாகாது. ஒன்று, மேலே சொன்ன உறங்கும் வடிவம். காய்ச்சிய பால் அடுப்பின்மேல் மெதுவாக ஆறும்போது, போட்டிக்கு வேறு கிருமி இல்லாத இடத்தில் அது விழித்துக்கொள்ளும். இன்னொன்று, சில கிருமிகள் ஏற்கெனவே கக்கி வைத்த நச்சு. நம் கையிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பிரிந்த பாக்கெட்டுக்குள் போய்ப் பெருகினால், அது விடும் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

இதற்குப் பெரிய உதாரணம் 2000-ல் ஜப்பானில் நடந்தது. ஹொக்கைடோவில் ஒரு பால் தொழிற்சாலையில் மார்ச் மாதம் சில மணி நேரம் மின்சாரம் நின்றது. குழாய்களில் வெதுவெதுப்பாக நின்ற பாலில் கிருமி பெருகி நச்சு விட்டது. அந்தப் பாலைச் சூடாக்கிப் பவுடராக்கினார்கள். கிருமி செத்தது, நச்சு இருந்தது. அந்தப் பவுடரைச் சேர்த்துச் செய்த பால் கோடையில் ஒசாகா பகுதியில் விற்பனையாகி, 13,000-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள்.

வாசனையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புளிப்பு வாடை, திரிதல், கொழகொழப்பு இவையெல்லாம் பாலைக் கெடுக்கும் கிருமிகளின் வேலை. நோய் தரும் கிருமிகளுக்கு வாடை வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூக்கு ‘வேண்டாம்’ என்று சொன்னால் நம்புங்கள். ‘பரவாயில்லை’ என்று சொன்னால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னொரு வீட்டுப் பழக்கம். பால் திரிந்துவிட்டால் வீணாக்க மனமில்லாமல் சர்க்கரை போட்டுக் கிண்டி பால்கோவா மாதிரி ஆக்குவது. நல்ல பாலில் எலுமிச்சை பிழிந்து திரிய வைப்பது வேறு, தானாகத் திரிந்தது வேறு. தானாகத் திரிந்த பாலை எந்தக் கிருமி திரிய வைத்தது என்று தெரியாது. கொட்டிவிடுங்கள்.

நான்காம் படி: வாங்குவதிலேயே பாதியைச் சரிசெய்யலாம்

கடையில், “அண்ணா, ஃபிரிட்ஜில இருக்கிற பாலா குடுங்க” என்று கேளுங்கள். சங்கடப்பட ஒன்றும் இல்லை. பாக்கெட் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். கடையில் வேறு எல்லாம் வாங்கிவிட்டு, பாலைக் கடைசியில் எடுங்கள். பாக்கெட் உப்பியிருந்தாலோ ஓரத்தில் கசிந்தாலோ தேதியைப் பார்க்கவே வேண்டாம், வேறு கேளுங்கள்.

அறைக்கு வந்ததும் காய்ச்சி, தேவையானதைக் குடித்துவிட்டு, மீதியைத் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் வைத்துச் சீக்கிரம் ஆற வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள். நான்கு பேர் திறந்து மூடும் ஃபிரிட்ஜில் கதவுத் தட்டுதான் அதிகம் சூடாகும் இடம். பால் உள்ளே, பின்பக்கமாக இருக்கட்டும். ஃபிரிட்ஜ் உண்மையில் எவ்வளவு குளிர்கிறது என்று தெரிய வேண்டுமா? சின்ன ஃபிரிட்ஜ் வெப்பமானி ஒன்று வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். 5 டிகிரிக்கு மேல் காட்டினால் திருகைக் கூட்டுங்கள். 10 டிகிரியிலேயே நிற்கும் ஃபிரிட்ஜ் என்றால் பால் பாக்கெட்டின் தேதியை மறந்துவிட்டு, அன்றன்றைக்கு வாங்குங்கள்.

ஃபிரிட்ஜே இல்லையா? பாக்கெட் பாலை வாங்கிய உடனே காய்ச்சி, ஒரே வேளையில் முடிக்கிற அளவு மட்டும் வாங்குங்கள். அதைவிட நல்லது அட்டைப்பெட்டிப் பால்.

அட்டைப்பெட்டி, பவுடர், தயிர், பன்னீர்

அட்டைப்பெட்டிப் பாலை 135 டிகிரிக்கு மேல் சில வினாடி சூடாக்கி, கிருமி நீக்கிய பெட்டியில் காற்று புகாமல் அடைக்கிறார்கள். உறங்கும் வடிவமும் இதில் அழிந்துவிடுவதால், பிரிக்காதவரை ஃபிரிட்ஜ் வேண்டாம், தேதியும் மாதக்கணக்கில் இருக்கும். லாட்ஜ் அறைக்கு இதுதான் பொருத்தம். ஆனால் வெட்டிய அந்த நிமிடத்திலிருந்து அது சாதாரணப் பால்தான். மூன்று மாதம் தள்ளி உள்ள தேதியைக் காட்டி, காலையில் வெட்டிய ஒரு லிட்டர் பெட்டியை இரவு வரை மேசையில் வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கலாம். அந்தத் தேதி வெட்டாத பெட்டிக்கு. அறையில் ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் 200 மில்லி பெட்டிகளாக வாங்கி, ஒன்றைப் பிரித்தால் அப்போதே முடித்துவிடுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான். கொட்டுகிற பாலைக் கணக்கில் சேர்த்தால் பெரிய வித்தியாசம் வராது.

பால் பவுடரில் ஈரம் மிகக் குறைவு என்பதால் கிருமி பெருகாது. அதன் தேதி பெரும்பாலும் ருசி பற்றியது: பழசானால் சிக்கு வாடை, கட்டி கட்டுதல், கரையாமல் நிற்பது. கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே டப்பாவைத் திறந்து ஸ்பூன் விடுவதுதான் அதைக் கெடுக்கும் வழி; ஆவி உள்ளே போனால் தேதிக்கு அர்த்தம் போய்விடும். தண்ணீரில் கரைத்துவிட்டால் அதுவும் பால்தான், ஒரு மணி நேரக் கணக்கு அதற்கும் உண்டு.

முன்பு சொன்ன விதிவிலக்கு இதுதான்: குழந்தைகளுக்கான பால் பவுடர். குளிர்ச்சி கேட்காவிட்டாலும் அதன் எக்ஸ்பயரி தேதியை ஒரு நாள்கூடத் தாண்டக் கூடாது. குழந்தைக்குச் சத்து முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது; தேதி தாண்டினால் சில வைட்டமின்கள் லேபிளில் சொன்ன அளவுக்கு இருக்காது. தவிர, பவுடர் கிருமியற்றது இல்லை. அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் உள்ள தண்ணீரில் கரைத்து, பிறகு ஆற வைத்துக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்போதைக்கு அப்போது கரையுங்கள்.

தயிர் கொஞ்சம் தாராளமானது. அதன் புளிப்பே பல நோய்க் கிருமிகளை வளரவிடாது. ஃபிரிட்ஜிலேயே இருந்த, பிரிக்காத தயிர் தேதி தாண்டி ஓரிரு நாள் ஆனால் பெரும்பாலும் புளித்திருக்கும், அவ்வளவுதான். உடம்பு நன்றாக உள்ளவர் மோர்க்குழம்பு வைத்துவிடலாம். மேலே பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிறத்தில் பூஞ்சை இருந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்து எடுப்பது போதாது, முழுவதும் வெளியே.

பன்னீருக்கு அந்தப் புளிப்பும் இல்லை, ஈரம் மட்டும் நிறைய. தேதி ஒரு மாதம் தள்ளி இருந்தாலும் காற்று நீக்கிய பையைப் பிரித்துவிட்டால் ஓரிரு நாளில் சமைத்துவிட வேண்டும்.

ஆற்காடு மக்கன் பேடா ஊருக்கு வாங்கிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும் எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபரில் எஃப்எஸ்எஸ்ஏஐ கொண்டுவந்தது. பலகை இல்லாவிட்டால் என்று செய்தது என்று கேட்டு வாங்குங்கள். கோவா சேர்ந்த இனிப்பை பஸ்ஸில் எட்டு மணி நேரம் வெயிலில் கொண்டுபோவதாக இருந்தால், அன்றைக்குச் செய்ததைத்தான் எடுங்கள்.

கரண்ட் போனால்

ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அதற்குள் கரண்ட் வந்துவிட்டால் பயமில்லை. அதைத் தாண்டினால் பால், பன்னீர், சமைத்து வைத்த மிச்சம் மூன்றையும் விட்டுவிடுங்கள்; தயிர், வெண்ணெய், ஊறுகாய் பிழைத்துக்கொள்ளும். நீங்கள் வெளியே போயிருந்தபோது கரண்ட் போனதா என்பது தெரியாமல் போகலாம். ஃப்ரீஸரில் ஒரு சின்ன டப்பாவில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிடுங்கள். ஊரிலிருந்து திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

யாருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது

மேலே தயிருக்குச் சொன்ன தாராளமெல்லாம் நல்ல உடம்புக்காரர்களுக்கு. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை முடிந்தவர்கள் என்றால் குளிர்ச்சி கேட்கும் எந்தப் பொருளிலும் தேதியைத் தாண்டக் கூடாது. லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் மெதுவாகப் பெருகும், வாடையும் காட்டாது. கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். அதனால் இவர்களுக்குத் தேதிக்குள் உள்ள பொருளாக இருந்தாலும், பிரித்து நாளாகியிருந்தால் தவிர்த்துவிடுங்கள். எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்று வார்டில் டயட்டீஷியன் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையைவிட அதுவே முன்னால் நிற்க வேண்டும்.

தேதி தாண்டியதைக் கடையில் கொடுத்துவிட்டால்

யூஸ் பை தாண்டிய பொருளை விற்கக் கூடாது என்பது சட்டம், அது பாலோ ரஸ்க்கோ. முதலில் கடைக்காரரிடமே காட்டுங்கள். பெரும்பாலும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். தேதியின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ, அழித்து எழுதியிருந்தாலோ மாற்றிக்கொண்டு விட்டுவிடாதீர்கள். பாக்கெட்டைப் பிரிக்காமல், தேதியும் பேட்ச் எண்ணும் தெரிகிற மாதிரி படம் எடுத்து, பில்லையும் வைத்துக்கொண்டு, எஃப்எஸ்எஸ்ஏஐயின் Food Safety Connect செயலியில் புகார் செய்யுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்திலும் நேரில் கொடுக்கலாம். பேட்ச் எண் இல்லாத புகாரை வைத்து அவர்களால் அதிகம் தேட முடியாது.